பதினொரு படம், ஒரு சாயங்காலம்



பிப்ரவரி நடுவில் தஞ்சாவூரிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. அங்குள்ள ஒரு கல்லூரியின் விஸ்காம் மாணவர்கள் மாதக் கடைசியில் குறும்பட மாலை ஒன்று நடத்துவதாக இருந்தார்கள். சம்பா அறுவடை முடிந்திருக்கும், வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள் என்று கணக்குப் பார்த்து வைத்த தேதி. தாளில் பதினொரு படங்களின் பெயர், பக்கத்தில் நிமிடம். கூட்டினால் 124. அதற்குக் கீழே பச்சை மையில், "இடைவேளை 15 நிமிடம். ஆரம்பம் 5.00. முடிவு 7.20."

"வரிசை சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று ஒரு குறிப்பு.

வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த 7.20 கண்ணில் குத்தியது. 124-உம் 15-உம் 139. கூட்டல் சரிதான். ஆனால் அந்தத் தாளில் மனிதர்களே இல்லை. குத்துவிளக்கு ஏற்றுபவர் இல்லை, வரவேற்பவர் இல்லை, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை கை தட்டுபவர்கள் இல்லை. பரிசு வாங்க மேடை ஏறுகிற பையன் செருப்பைத் தேடுகிற நேரமும் இல்லை. நான் எழுதிப் பார்த்தேன். விளக்கும் வரவேற்பும் 10 நிமிடம். படத்துக்குப் படம் இருட்டு, கைதட்டல், அடுத்த படத்தின் பெயரைச் சொல்வது என்று ஒரு நிமிடம் வைத்தால் 11. தாளில் 15 என்று இருக்கும் இடைவேளை டீக்கடை வரிசையில் 20 ஆகும். இயக்குநர்களோடு உரையாடல் 20. பரிசளிப்பு 15. எல்லாம் சேர்த்து 200 நிமிடம். ஐந்து மணி என்று போட்ட அழைப்பிதழுக்கு ஐந்தேகாலுக்குத்தான் அரங்கம் நிரம்பும். அப்படியானால் முடிவது 8.35.

பட்டுக்கோட்டைக்கும் பாபநாசத்துக்கும் பஸ் பிடிக்கிறவர்கள் எட்டரைக்கெல்லாம் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். விடுதிப் பெண்களுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஆக, கடைசிப் படம் பாதி ஓடும்போதே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும், பரிசளிப்பு காலி நாற்காலிகளின் முன்னால் நடக்கும். வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது. முதலில் ஏதாவது ஒரு படத்தை எடுக்க வேண்டும்.

எடுத்தது 22 நிமிட ஆவணப்படம். மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேராத கதை. பதினொன்றில் நன்றாக எடுக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று, அதனால்தான் எடுத்தோம். அந்தப் படம் முடிந்ததும் யாராவது எழுந்து, "எங்க ஊர்ல இதைவிட மோசம்" என்று பேசத் தொடங்குவார். பேசத்தான் வேண்டும். மாலையில் அதற்கு ஒரு நிமிடம்தான் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குத் தனியாகப் போட்டு, பின்னால் அரைமணி நேரம் பேச விட்டால் படத்துக்கும் மரியாதை, பேசுபவருக்கும் மரியாதை. மீதி பத்துப் படங்கள், 102 நிமிடம். எல்லாம் சேர்த்து 177 நிமிடம். ஐந்தேகாலுக்குத் தொடங்கினால் 8.12. பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் இந்த மூச்சுதான் காப்பாற்றும். ஜெனரேட்டர் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். விளக்கு வைத்த புரொஜெக்டர் அப்படி வராது, ஆறிய பிறகுதான் மறுபடி எரியும்.

இனி வரிசை. மாணவர்கள் போட்டிருந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. ஒரே பொருளைப் பேசும் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 'விவசாயம்' என்ற தலைப்பின் கீழ் கடைமடைப் படம் 22 நிமிடம், கடனில் உயிரை விட்ட ஒரு விவசாயியின் வீட்டுக் கதை 18, கஜா புயலில் தென்னை சாய்ந்த ஒரு குடும்பத்தின் கதை 15. தொடர்ந்து 55 நிமிடம். நம் பக்கத்து மாணவர்கள் காமிராவைக் கையில் எடுத்தால் பாதிப் படம் தண்ணீர், கடன், புயல் என்றுதான் வரும். பார்த்து வளர்ந்தது அதுதானே. ஆனால் மூன்று துக்கம் அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது துக்கத்துக்குக் கண்ணீர் மிச்சமிருக்காது. கஜா படத்தை எடுத்த பையன் 2018 நவம்பரில் தன் வீட்டுத் தோப்பு விழுந்ததைப் பார்த்தவன். அவன் படத்துக்கு, முன்னால் ஓடிய இரண்டு படங்கள் செய்யும் அநியாயம் அது. பார்ப்பவர் ஒரு படத்தை அதற்கு முந்தைய படத்தின் மிச்சத்தோடுதான் பார்க்கிறார். வீட்டில் ஒரு சாவுச் செய்தி வந்த அன்றைக்கு இன்னொரு சாவுச் செய்தி வந்தால் நாம் எப்படிக் கேட்போமோ, அப்படி.

எனவே முதலில் கனமான இரண்டு படங்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தோம். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றித்தான். கஜா படம் இடைவேளைக்கு அப்புறம். விவசாயி வீட்டுக் கதை முதல் பாதியின் கடைசி.

மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பெஸ்ட் படம் சார் அது. கடைசியில வச்சாதானே கெத்து?"

கச்சேரி கேட்டு வளர்ந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி முறையில் வர்ணம் முதலில் வரும். பிறகு சுருக்கமான கீர்த்தனைகள். கனமான உருப்படி தனி ஆவர்த்தனத்தோடு கச்சேரியின் வயிற்றில் வரும். அதற்குப் பிறகு துக்கடாக்கள். வீட்டுக்குப் போகிறவன் வாயில் முணுமுணுக்க ஏதோ ஒன்று. கனமானதைக் கடைசியில் வைத்தால், எங்கள் மாலையில் அதையடுத்து வருவது பரிசளிப்பு. ஒரு வீட்டின் கூடத்தில் வெறும் கட்டிலைக் காட்டி முடிகிற படத்துக்குப் பிறகு, "இப்போது சிறந்த நடிகருக்கான..." என்று மைக்கில் ஒரு குரல். நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இடைவேளைக்கு முன்னால் வைத்தால் அதற்குப் பின்னால் வேறு படம் கிடையாது. வெளியே போய், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பேசாமல் நிற்கலாம்.

ஆனால் மெலட்டூரில் கனமானது கடைசியில்தான் வருகிறது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். தஞ்சாவூருக்குப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு நடக்கும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரம் இரவு முழுக்க ஓடி, விடியலை ஒட்டித்தான் தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படும். ஆனால் அங்கே இரவு முழுவதும் அந்த ஒரு கணத்துக்காகவே நகர்கிறது. கதையும் எல்லோருக்கும் தெரியும். நமக்கோ பத்துப் பேர், பத்துக் கதை. மெலட்டூரிடம் நான் கற்றுக்கொண்டது முடிவை அல்ல, தொடக்கத்தை. அங்கே முதலில் வருவது இரணியனும் இல்லை, பிரகலாதனும் இல்லை. கோணங்கி வருவான். குதித்து, ஆடி, சிரிக்க வைத்து, சலசலத்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை அடக்குவான். அப்புறம்தான் மற்றவை. அவன் ஆடும்போது பாய் விரிப்பவர் விரிக்கலாம், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்பவர் போட்டுக்கொள்ளலாம். எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

எங்கள் கோணங்கி 4 நிமிட அனிமேஷன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று இரவில் அலமாரியை விட்டு இறங்கும் கதை. வசனம் கிடையாது. அதனால் கடைசி வரிசையில் நாற்காலி இழுபட்டாலும் எதுவும் கெடாது. படம் ஓடும்போது ஒலிக்காரர் ஸ்பீக்கர்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதம் உட்கார்ந்து அதை வரைந்த மாணவிக்குத்தான் முகம் வாடிவிட்டது.

"கடை திறக்கறதுக்கு முன்னாடி வாசல் தெளிக்கிற தண்ணி மாதிரி என் படத்தைப் போட்டுட்டீங்களே சார்."

கோணங்கியின் கதையைச் சொன்னேன். முழுக்கச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. பரிசு வரிசையைப் பார்த்துக் கொடுப்பதில்லை, நடுவர்கள் மூவரும் முந்தின நாளே வேறு வரிசையில் எல்லாப் படங்களையும் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்றதும்தான் சரி என்றாள். நடுவர்களை அரங்கத்தில் உட்கார வைத்து மதிப்பெண் போடச் சொல்கிற எல்லா விழாவிலும் இந்தச் சண்டை வரும். வரத்தான் செய்யும்.

பொம்மைக்குப் பிறகு 7 நிமிட டீக்கடை நகைச்சுவை. இப்போது அரங்கம் நிரம்பியிருக்கும். தனியாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறை சேர்ந்து சிரித்துவிட்டால் அப்புறம் எல்லோரும் ஒரே கூட்டம். மூன்றாவது, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறவர்களைப் பற்றிய 14 நிமிட ஆவணப்படம். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த நாகஸ்வரம். கூட்டம் சிரித்து முடித்துக் கவனம் கூர்மையாக இருக்கிற இடம் இது. தகவல் சொல்கிற படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நான்காவதாக நான் போட்டிருந்தது நெல் அவிக்கும் ஆலை ஒன்றைப் பற்றிய 9 நிமிடச் சோதனைப்படம். கதையும் இல்லை, பேச்சும் இல்லை. நீராவி, கரி படிந்த சுவர், நெருப்பு. கூட்டம் பழகிய பிறகு நான்காவது இடத்தில் இதைத் தாங்கும் என்பது என் கணக்கு. தாளில் அது மிகச் சரியாக இருந்தது.

முந்தின நாள் மாலை அதே அரங்கத்தில், அதே நேரத்துக்குப் படங்களை ஓட்டிப் பார்த்தோம். 5.53-க்கு ஆலைப் படம் தொடங்கியது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அரங்கத்துக்கு மேற்குப் பக்கம் நான்கு பெரிய ஜன்னல்கள், போட்டிருந்த திரைச்சீலை பாவாடைத் துணி கனம். பிப்ரவரிக் கடைசியில் இங்கே சூரியன் மறைய ஆறு இருபதுக்கு மேல் ஆகும். கரி படிந்த சுவர் வெறும் சாம்பல் நிறச் சதுரமாகத் தெரிந்தது. எடுத்த பையன் திரையைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசை போடுகிறவர்கள் படங்களை லேப்டாப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அங்கே எல்லாப் படமும் ஒரே வெளிச்சம். அரங்கத்தில் அப்படி இல்லை. வெயிலில் எடுத்த படங்களை முன்னால் வைத்து, இருட்டில் எடுத்தவற்றைப் பொழுது சாய்ந்தபின் வைக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அந்த ஜன்னல்தான் சொன்னது. ஆலைப் படம் இரண்டாம் பாதிக்குப் போனது. அந்த இடத்துக்கு, பட்டப்பகலில் ஆற்றங்கரையில் எடுத்த 11 நிமிடப் பாட்டி–பேரன் கதை வந்தது. விவசாயி வீட்டுக் கதையும் பெரும்பாலும் வெயிலிலும் வயலிலும் எடுத்ததுதான், தப்பித்தது. முதல் பாதி ஐந்து படங்கள், 54 நிமிடம். 5.25-க்குத் தொடங்கி 6.24-க்கு இடைவேளை.

ஒத்திகையில் இன்னொன்றும் தெரிந்தது. நாகஸ்வரப் படம் முடிகிற இடத்தில் தவிலும் சேர்ந்து முழங்குகிறது. அடுத்த நொடி பாட்டி பேசுகிறாள், அதுவும் முணுமுணுவென்று. முதல் அரை நிமிடப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. படங்களின் ஒலி அளவை முடிந்தவரை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அப்படியும் முழக்கத்துக்குப் பிறகு காது அடங்கச் சில நொடி வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் இருட்டைக் கொஞ்சம் நீட்டினோம். மைக்கில் பெயர் சொல்லும் மாணவி மெதுவான குரலில் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதி வைத்தோம்.

இடைவேளையைப் பற்றி ஒரு வார்த்தை. டூரிங் டாக்கீஸ் காலத்துக் கொட்டகைகளில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் தீர்ந்தால் இடைவேளை. ஆயிரம் அடி 35 எம்.எம். ரீல் பதினொரு நிமிடம்தான் ஓடும், இரண்டாயிரம் அடி இருபத்திரண்டு. முறுக்கு வியாபாரமும் விளம்பர ஸ்லைடும் அதை நம்பித்தான் நடந்தன. எங்கே நிறுத்துவது என்பதை இயந்திரமே தீர்மானித்தது. இன்றைக்கு அந்த வேலை நம் தலையில். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு, முதல் பாதி ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கட்டும், இரண்டாவது அதைவிடக் குறைவாக இருக்கட்டும். களைப்பு கூடிக்கொண்டு போகும்போது நேரம் குறைந்துகொண்டு போக வேண்டும்.

இடைவேளைக்குப் பிந்தைய முதல் படம் யாருக்கும் பிடிக்காத இடம். பாதிப் பேர் கையில் டீயோடு வாசலில் நிற்பார்கள். அந்த இடத்துக்கு 2 நிமிட நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் வாசலில் நிற்கிறவர் கோப்பையை வைத்துவிட்டு ஓடி வருவார். கதவைச் சாத்திய பிறகு 10 நிமிடத் திகில் படம். அப்புறம் ஆலை, பிறகு கஜா, கடைசியில் 12 நிமிடக் காதல் கதை.

காதல் கதையைக் கடைசியில் வைத்ததற்கு அதன் தரம் காரணமில்லை. நடுத்தரமான படம். ஆனால் அதில் முகம் காட்டியவர்கள் மட்டும் முப்பது பேருக்கு மேல். கல்லூரி விழாவில் நண்பன் படம் முடிந்ததும் நண்பர் கூட்டம் எழுந்து போய்விடும். அதிக நண்பர்கள் உள்ள படத்தை முதல் பாதியில் போட்டால் இரண்டாம் பாதி அனாதையாகிவிடும். கடைசியில் வைத்தால் அந்த முப்பது பேரும் கஜாவையும் ஆலையையும் பார்த்தே ஆக வேண்டும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஒரு பழைய காயம் எனக்கு உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், பென் டிரைவில் படங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்தோம். அந்தக் கருவி எழுத்து வரிசையில் அடுக்கி, 1-க்கு அடுத்து 10-ஐ எடுத்துவிட்டது. மாலையின் கடைசிப் படம் இரண்டாவதாக ஓடியது. நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குள் பாதி முடிந்துவிட்டது. அதிலிருந்து `010_bommai.mp4`, `020_teakadai.mp4` என்றுதான். பத்துப் பத்தாக விட்டிருப்பதால் ஆலைப் படமும் பாட்டி–பேரன் கதையும் இடம் மாறியபோதும் மற்ற பெயர்களைத் தொட வேண்டி வரவில்லை.

அன்றைய மாலை எப்படிப் போனது? வரவேற்புரை 10 நிமிடத்துக்குப் பதில் 17. போண்டா தீர்ந்து மறுபடி போட்டதில் இடைவேளை 26. மொத்தம் 13 நிமிடம் நழுவியது. உரையாடலை 20-இலிருந்து 12 ஆகக் குறைத்தோம். 8.17-க்கு முடித்தோம்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசி வெளிச்சங்களை எண்ணினேன். கூட்டம் எங்கே கழன்றுகொள்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. விவசாயி வீட்டுக் கதையில் கடைசிப் பத்து நிமிடம் ஒரு வெளிச்சம்கூட இல்லை. முடிந்ததும் அரை நிமிடம் விளக்கு போடாமல் வைத்திருந்தார்கள், கைதட்டலும் வரவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஆலைப் படத்தில் ஆறாவது நிமிடத்துக்குள் பத்தொன்பது வெளிச்சம். பிழை படத்தில் இல்லை, என்னிடம்தான். திகில் படம் முடிந்ததும் பயந்தவர்கள் பயப்படாதவர்கள்போல் சிரித்துப் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சலசலப்பின் மேலேயே ஆலைப் படத்தின் மௌனத்தைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் யாராவது மேடைக்கு வந்து, நெல் அவிக்கிற ஆலைக்குள் எப்படிப் போனார்கள் என்று ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். அல்லது அந்த இடத்துக்குக் கஜாவைக் கொண்டுவந்து, ஆலையை அதன் பின்னால் வைத்திருக்கலாம். துக்கத்துக்குப் பிறகு வரும் மௌனத்தைக் கூட்டம் தாங்கியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஊர்க் கல்லூரியிலோ மன்றத்திலோ இப்படி ஒரு மாலை நடந்திருந்தால் அதன் தாளை எங்களுக்கு அனுப்புங்கள். படங்களின் பெயர்கூட வேண்டாம். போட்ட நேரம் ஒரு பக்கம், உண்மையில் ஆன நேரம் மறுபக்கம், எந்தப் படத்தில் நாற்காலி நகர்ந்தது என்ற குறிப்பு, இவை மூன்றும் இருந்தால் போதும். வருகிறவற்றில் சிலவற்றை அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்